குளத்தில் எறிந்தோம் வீட்டுக் குப்பை

சபையில் பாடுவதற்கு ஒரு கீர்த்தனை எழுதுவதும் பத்திரிகைக்குக் கவிதை எழுதுவதும் ஒன்றல்ல. கவிதையில் நான் சொல்வதற்கு நானே பொறுப்பு. கீர்த்தனையிலோ, நான் எழுதியதை ஒரு கோவில் நிறைந்த சனம் கடவுளுக்கு முன்னால் நின்று தங்கள் சொந்த வார்த்தையாகச் சொல்கிறது. பொருந்தாத சொல்லை எழுதி வைத்தால் அத்தனை பேரையும் பொய் சொல்ல வைத்தவனாகிறேன். ஜூன் 5-ஐ ஒட்டி வரும் சுற்றுச்சூழல் ஞாயிறு ஆராதனைக்கென்று ஒரு புதுப் பாட்டு கேட்டார் எங்கள் ஐயர். எழுதி முடிப்பதற்குள் இதை நான் நன்றாகவே கற்றுக்கொண்டேன்.

எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டை ஒட்டியது. ஒரு பக்கம் செம்மணல் மேடும் பனையும், மறுபக்கம் தாமிரபரணிக் கால்வாய்த் தண்ணீரை நம்பியிருக்கும் குளமும் வயலும். எனவே மண், மரம், தண்ணீர் மூன்றையும் பாட்டுக்குள் கொண்டுவரத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற வடிவமும் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் காலத்திலிருந்து நம் சபைகளுக்குப் பழகியது. பல்லவி சீக்கிரம் வந்துவிட்டது.

மண்ணும் உமதே மரமும் உமதே – வரும்
தண்ணீரும் உமதே தயாபரரே

நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் தங்கியிருக்கும் பரதேசிகள், ஆகையால் அதை அறுதியாக விற்கக்கூடாது என்று லேவியராகமம் 25-ஆம் அதிகாரம் சொல்கிறது. எங்கள் சபையில் குத்தகைக்கு உழுகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நிலத்துக்காரருக்குக் கணக்குச் சொல்ல ஒரு நாள் உண்டு என்பது தெரிந்தவர்கள். அனுபல்லவியை அவர்களை நினைத்துத்தான் எழுதினேன்.

எண்ணிக் கொடுத்தீர் எங்கள் கையில் – அதை
எண்ணித் திருப்பும் நாளும் வருதே

மண்ணும், தண்ணீரும், எண்ணி: இரண்டாம் எழுத்தில் ஒரே எதுகை ஓடுகிறது. அலங்காரத்துக்காக மட்டும் வைத்ததல்ல இது. எங்கள் கோவிலில் பாதிப்பேர் புத்தகம் பார்க்காமல் பாடுகிறவர்கள். வயதானவர்களுக்கு எழுத்து தெரிந்தாலும் கண் தெரியாது. அடுத்த அடி எப்படித் தொடங்கும் என்பதை அவர்கள் காதுக்கு எடுத்துக் கொடுப்பது எதுகைதான். அது தவறிய இடத்தில் சபை ஒரு நொடி தயங்கும். ஆர்மோனியம் மட்டும் தனியே போகும்.

மெட்டுக்கு மோகனத்தை எடுத்தேன். ஐந்தே சுரம், கேட்டவுடன் பிடித்துக்கொள்ளலாம். ஒன்றாம் கட்டையில் ஸட்ஜம் வைத்து, மேல் ஸட்ஜத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டேன். அதற்கு மேலே போனால் பாடகர் குழு மட்டும்தான் பாடும், ஆண்கள் பாட்டுப் புத்தகத்தைப் பார்ப்பதுபோல் நிற்பார்கள். தாளம் ஆதி. அடிக்கு நான்கு சீர், சீருக்கு இரண்டு எண்ணிக்கை.

முதல் சரணம் பனைக்கு. செங்கல் சூளைக்கு விறகாகப் பனைகள் வண்டி வண்டியாகப் போனதை எங்கள் பக்கத்தார் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்ததற்கு முன்னால் விழுந்தவை எத்தனையோ. ஒரு பனை பாளை விட எப்படியும் பத்துப் பதினைந்து வருடம் ஆகும். வெட்ட அரை மணி நேரம் போதும். நகரத்தை முற்றுகையிடும் படைகூட அங்குள்ள கனிமரங்களை வெட்டக்கூடாது என்கிறது உபாகமம் 20. சூளைக்காரர்களைக் கண்டித்து எழுதச் சொல்லி சபை கமிட்டியில் ஒருவர் வற்புறுத்தினார். எனக்கும் ஆசை இருந்தது. ஆனால் விற்றது யார்? எங்கள் காட்டுப் பனையை நாங்கள்தானே விலை பேசினோம்? அடுத்தவன் பாவத்தைப் பாடினால், ஆலயத்தில் நின்று 'இந்த ஆயக்காரனைப்போல் நான் இல்லை' என்று சொன்ன பரிசேயனின் ஜெபத்துக்குத்தான் மெட்டுப் போட்டதாகும். கண்டனத்துக்குக் கலெக்டர் அலுவலக வாசல் இருக்கிறது. அங்கே போகத்தான் வேண்டும். பாட்டில் இப்படி வைத்தேன்.

காயும் தேரியில் காவல் நின்ற – பனை
சாயும் வேளை சும்மா நின்றோம்

இரண்டாம் சரணம் குளத்துக்கு.

குளத்தில் எறிந்தோம் வீட்டுக் குப்பை
வளத்தைக் கேட்டோம் வாய் கூசாமல்

இதில் ஓசைச் சிக்கல் ஒன்று இருந்தது. தாளத்தின் முதல் அடியிலேயே 'கு' விழுந்தால், மெதுவாகப் பாடும் சபை அதை இழுத்துவிடும். குளம் கூளமாகிப் போகும்! குறிலை இழுக்க இடம் கொடுக்கக் கூடாது. இழுப்பு நெடிலில்தான் விழ வேண்டும். அதனால் எடுப்பை அரை எண்ணிக்கை தள்ளி வைத்து, 'குளத்தில்' வேகமாகக் கடந்து, 'எறிந்தோம்' என்பதன் 'தோ'வில் நிற்கும்படி மெட்டை மாற்றினேன். நிற்கவேண்டிய சொல்லும் அதுதான்.

ஓசை சரியாயிற்று, பொருள்தான் சிலருக்குக் குத்தியது. அசனப் பண்டிகை முடிந்தபின் எச்சில் இலையும் பிளாஸ்டிக் டம்ளரும் எங்கே போய்க் கொட்டப்பட்டன என்பது ஊருக்கே தெரியும். "ஆராதனையில இதைப் பாடணுமா தம்பி?" என்று கேட்டார்கள். ஆராதனையில்தான் பாட வேண்டும் என்றார் ஐயர். அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அந்தச் சரணம் இன்று இருந்திருக்காது. எனக்கு அவ்வளவு துணிச்சல் கிடையாது.

மூன்றாவது, பொருத்தனைச் சரணம். அதில்தான் அதிக நாள் சிக்கிக்கொண்டேன். 'கோடி மரம் நடுவோம்' என்ற மாதிரி வரிகள் தாமாக வந்து விழுந்தன. ஒத்திகையில் பெண்கள் ஐக்கிய சங்கத்துப் பெரியம்மா ஒருவர் கேட்டார்: "நடுறது இருக்கட்டும் தம்பி, மேமாசம் தண்ணி ஊத்துறது யாரு?" பதில் இல்லை. போன வருடம் கோவில் வளாகத்தில் படம் எடுத்துக்கொண்டு நட்ட கன்றுகளில் குச்சி மட்டும்தான் மிஞ்சியிருந்தது. பனைக்கு இந்தப் பிரச்சினை இல்லை. விதையை மழைக்கு முன் புதைத்துவிட்டால் அது தன் வேரைத் தானே கீழே அனுப்பிப் பிழைத்துக்கொள்ளும். வேம்பும் புங்கையும் அப்படியல்ல. முதல் இரண்டு கோடைகள் யாராவது குடம் தூக்கியாக வேண்டும். கோயிலில் நிற்கும் எட்டு வயதுப் பிள்ளையும் எண்பது வயதுப் பாட்டியும் பொய்யில்லாமல் சொல்லக்கூடிய வாக்கு எதுவோ அதை மட்டும் வைப்பது என்று முடிவு செய்தேன்.

நட்ட கன்று நிழல்தரும் மட்டும் – தினம்
விட்ட தண்ணீர் உமக்கே காணிக்கை

எண்ணிக்கை இல்லை, பெருமை இல்லை. வாராவாரம் காணிக்கைப் பை வருகிறதே, அதைப்போல இதுவும் திரும்பத் திரும்பச் செலுத்த வேண்டியது. அந்தப் பெரியம்மா இரண்டு தரம் பாடிப் பார்த்துவிட்டு, "இது செய்யலாம்" என்றார். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் அதைவிட மேலான ஒன்று இல்லை.

புதுப் பாட்டைச் சுற்றுச்சூழல் ஞாயிறன்று முதன்முதலாக எடுத்தால் எடுபடாது. மே மாதத்திலேயே ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துவிட வேண்டும். அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். இந்தப் பாட்டும் அப்படித்தான் பரவியது. உங்கள் சபையில் பாட விரும்பினால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். தேரியும் பனையும் இல்லாத ஊரென்றால் முதல் சரணத்தில் உங்கள் ஊர் மரத்தை வையுங்கள். எதுகை தப்பாமல் பார்த்துக்கொண்டால் போதும். இரண்டாம் சரணத்தை மட்டும் நேரமில்லை என்று சொல்லி விட்டுவிடாதீர்கள்.