சத்தமில்லாத எழுபது விநாடி

காலை நிகழ்ச்சி முடிந்து, ரொட்டி சானாயைப் பிய்த்து வாயில் வைத்த நேரத்தில் அந்த அழைப்பு வந்தது. ஷா ஆலமில் பம்ப், மோட்டார் பராமரிப்பு செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தின் உரிமையாளர். என் நண்பனின் அண்ணன். பதினான்கு பேர் வேலை செய்கிறார்கள்.

“தம்பி, உங்க குரல்ல ஒரு வீடியோ வேணும். லிங்க்டின்ல போடணும்.”

விஷயம் பிறகுதான் தெரிந்தது. பல வருடங்களாக வேலை கொடுத்து வந்த ஒரு தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளர் மாறிவிட்டார். புதிதாக வந்த அம்மாவுக்கு இவரைத் தெரியாது. ஒப்பந்தம் விலை குறைவாகக் கேட்ட இன்னொருவருக்குப் போய்விட்டது. “இனிமே என்னைத் தெரியாதவங்கதான் ஒவ்வொரு இடத்துலயும் உட்கார்ந்திருப்பாங்க” என்றார். வானொலியில் நான் விளம்பரம் எழுதாத பொருளில்லை. பல்லியின் வால் அளவுக்குத்தானே வேலை என்று ஒப்புக்கொண்டேன்.

இரண்டு நாளில் எழுதி முடித்தேன். விடியற்காலை, ட்ரோனில் தொழிற்சாலைக் கூரைகள், மெல்ல எழும் இசை, அதன் மேல் என் குரல்: அனுபவம், உலகத் தரம், எல்லாத் தேவைக்கும் ஒரே இடம். இரண்டு நிமிடம். எனக்கே புல்லரித்தது.

ஞாயிற்றுக்கிழமை கிள்ளானில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். பெரியம்மா மகள், அக்கா, ஒரு ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் கொள்முதல் மேலாளர். மாதிரிக் காணொளியை அவர் கைப்பேசிக்கு அனுப்பினேன். பார்த்தார். முகத்தில் ஒன்றுமில்லை.

“உன் குரல் எங்கடா?”

“சத்தம் வெச்சாத்தான் கேட்கும்.”

“ஆபீஸ்ல யாருடா சத்தம் வெச்சு வீடியோ பார்ப்பா?”

லிங்க்டினில் கீழே தள்ளிக்கொண்டே போகும்போது காணொளி தானாக ஓடும், ஆனால் ஊமையாக ஓடும். தட்டினால்தான் சத்தம். பத்து வருடமாகப் படமில்லாமல் பேசிப் பிழைத்தவன் நான். இப்போது பேச்சில்லாமல் எழுத வேண்டியிருந்தது.

அதைவிடப் பெரிய அடி அடுத்து வந்தது. “உலகத் தரம்னு போட்டிருக்கே. அதை எந்தக் கட்டத்துல எழுதுறது?” என்று கேட்டார். ஒரு வேலைக்கு அவர் மூன்று விலைப்புள்ளிகள் வாங்குகிறார். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் ஒப்பீட்டுத் தாள் தயாரிக்கிறார். குறைந்த விலைக்காரரைத் தேர்ந்தெடுத்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மற்றவரைத் தேர்ந்தெடுத்தால் நிதிப் பிரிவு காரணம் கேட்கும். “நான் இன்ஜினியர் இல்ல. அந்தக் காரணத்தை எனக்குப் புரியுற மாதிரி ஒரே வரியில எவன் கொடுக்குறானோ, அவனுக்குத்தான் என்னால வாதாட முடியும்.”

மறுநாள் ஷா ஆலம் போனேன். நிறுவனத்தைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம், ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள் என்றேன். அண்ணன் யோசித்துவிட்டு ஒரு பம்ப் கதையைச் சொன்னார்.

தண்ணீர் பம்ப் ஒன்று. அதை ஓட்டும் மோட்டாரில் பேரிங் அடிக்கடி போய்விடுகிறது. ஆலைக்காரர்கள் மாற்றுகிறார்கள், மறுபடி போகிறது. பேரிங் தரமில்லை என்று பிராண்டையும் மாற்றிப் பார்த்துவிட்டார்கள். இவர் ஆள்கள் போய்ப் பார்த்தபோது குற்றம் பேரிங்கில் இல்லை. மோட்டாரின் காலில் இருந்தது. நான்கு காலில் ஒன்று அடித்தட்டில் சரியாக உட்காரவில்லை, ஆடுகிற சாப்பாட்டு மேசை மாதிரி. அதை ‘சாஃப்ட் ஃபுட்’ என்கிறார்கள். போல்ட்டை இறுக்கினால் கால் கீழே வந்துவிடும். கூடவே மோட்டாரின் உடம்பும் முறுகிவிடும். தண்டு நேர்கோட்டிலிருந்து விலகும், சுமையெல்லாம் பேரிங்கில் விழும்.

கண்டுபிடிப்பது எளிது. டயல் கேஜை காலின் மேல் வைத்து, அந்தப் போல்ட்டை மட்டும் தளர்த்த வேண்டும். முள் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்தால் சந்தேகம்தான். இங்கே 0.3 நகர்ந்திருக்கிறது. இடைவெளிக்கு ஏற்ற மெல்லிய ஸ்டீல் தகட்டைச் சொருகி, பிறகு லேசர் கருவியால் இரண்டு தண்டுகளையும் நேராக்கியிருக்கிறார்கள். விநாடிக்கு 6.8 மில்லிமீட்டராக இருந்த அதிர்வு 1.6க்கு இறங்கியது.

“எத்தனை பேரிங் மாத்தினாங்க?” என்று கேட்டேன்.

“பத்து மாசத்துல மூணு.”

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. அதிர்வு என்றால் அக்காவுக்குத் தெரியாது. ஆனால் ஒரே பாக எண்ணுக்குப் பத்து மாதத்தில் மூன்று கொள்முதல் ஆணை போயிருந்தால், அது முதலில் தெரிவது அவர் கணினியில்தான். ஆலையில் ஷிப்ட் மாறும், ஆள் மாறும், போன முறை மாற்றியது யாருக்கும் நினைவிருக்காது. ஆணைப் பட்டியல் மறக்காது.

இரண்டாவது பிரதி எழுபது விநாடி. தாளின் இடது பக்கம் படம், வலது பக்கம் திரையில் வரும் எழுத்து. காணொளி ஆங்கிலத்தில்தான், தமிழில் சொன்னால் இப்படி இருக்கும். முதல் நான்கு விநாடி, மேசை மேல் தேய்ந்த மூன்று பேரிங்: ‘ஒரே பாகம். பத்து மாதம். மூன்று ஆர்டர்.’ அடுத்து டயல் கேஜின் முள் நகர்வது, அருகிலிருந்து: ‘பிழை பேரிங்கில் இல்லை, காலில்.’ பிறகு முன்னும் பின்னும் எடுத்த அதிர்வு அளவுகள். கடைசியில்: ‘இந்த ஆண்டு நீங்கள் இருமுறை வாங்கிய பாக எண்ணை அனுப்புங்கள்.’ ட்ரோன் இல்லை. நிறுவனம் தொடங்கிய வருடமும் இல்லை.

அண்ணனுக்கு மனம் ஆறவில்லை. ‘24 மணி நேரத்தில் மலேசியா முழுதும்’ என்று ஒரு வரி வேண்டும் என்றார். அக்கா ஏற்கெனவே எச்சரித்திருந்தார்: காணொளியில் சொன்னதை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்வார்கள், தவறினால் அபராதம் போடுவார்கள். உங்களிடம் லேசர் கருவி எத்தனை என்று கேட்டேன். ஒன்று. அது கெர்த்தேயில் இருக்கும்போது கிள்ளானில் பம்ப் நின்றால்? வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “கிள்ளான் பள்ளத்தாக்கு, மறு வேலைநாள். அதுக்கு நான் பொறுப்பு” என்றார். அந்த வரி அப்படியே போனது. ‘30 சதவீதம் மிச்சம்’ என்ற வரியும் விழுந்தது. எதோடு ஒப்பிட்டு என்ற கேள்விக்கு எங்கள் இருவரிடமும் பதிலில்லை.

பிறகு என் தவறு ஒன்று. வாடிக்கையாளர் ஆலையில் அனுமதி வாங்கித்தான் படம் பிடித்தோம். ஆனால் ஒரு காட்சியில் பம்ப்பின் அடையாளத் தகடு பளிச்சென்று தெரிந்தது. தொகுத்து முடித்த பிறகு ஆலையிலிருந்து ஆட்சேபணை வந்தது. படம் பிடிக்கக் கொடுத்த அனுமதியை வெளியிடக் கொடுத்த அனுமதியாக நான் எடுத்துக்கொண்டேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பட்டறையில் ஒரு பழைய மோட்டாரை வைத்து மறுபடி எடுத்தோம். ஒரு நாள் கூலி என் கணக்கில். முள் நகர்வது அங்கேதான் தெளிவாக விழுந்தது என்பது வேறு விஷயம்.

வெளியிடும் முன் சத்தத்தை அணைத்துவிட்டு அக்காவிடம் காட்டினேன். முடிந்ததும் கைப்பேசியைத் திருப்பித் தராமல், “எங்க ஆலையில அந்த மூணாவது லைன் பம்ப்...” என்று தனக்குள் ஏதோ கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார். என் குரலும் அதில் இருக்கிறது என்று சொல்ல வாயெடுத்து, விட்டுவிட்டேன்.

பழைய ஒப்பந்தம் திரும்பவில்லை. விருப்பக் குறிகளும் அதிகமில்லை. பாதிக்கு மேல் சொந்தக்காரர்கள். மூன்றாவது வாரம் நீலாயிலிருந்து யாரோ ஒருவர் வணக்கம்கூட இல்லாமல் ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: ஒரு பாக எண், நான்கு தேதிகள், ஒரு கேள்விக்குறி.

அண்ணன் உடனே எனக்கு அழைத்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

“தம்பி, அடுத்த வீடியோவுல அந்த ட்ரோனை வெச்சுக்கலாம்தானே?”