மூன்றாவது 7805

கெலமங்கலத்திலிருந்து ராயக்கோட்டை போகிற சாலையில் ஒரு தகரக் கூரைக் கடை. வந்தவரிடம் தெலுங்கிலும் உதவிப் பையனிடம் கன்னடத்திலும் என்னிடம் தமிழிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டே வேலை பார்த்தார் கடைக்காரர். மேசைமேல் ஒரு போர்டு. பசுமைக்குடில் ரோஜாக்களுக்குச் சொட்டுநீர் விடும் கண்ட்ரோலருடையது, விளக்குகூட எரியவில்லை.

"ரெண்டு இடத்துல ரெகுலேட்டர மாத்திட்டாங்க சார். இது மூணாவது 7805," என்று சால்டர் தழும்பைக் காட்டினார்.

மீட்டரின் கறுப்பு முனையைக் கிரவுண்டில் மாட்டிவிட்டு, சிவப்பு முனையை ஒரே கையால் பிடித்தார். 230 வோல்ட் வருகிற பக்கமும் அதே போர்டில்தான் இருக்கிறது. 7805-இன் உள்வரும் காலில் 12.4 வோல்ட். வெளிக்காலில் 5 இருக்க வேண்டிய இடத்தில் 0.7, அதுவும் நிலையாக நிற்காமல் ஆடியது. அந்த மூன்று கால் சில்லைத் தொட்டால் சுட்டது. செத்த ரெகுலேட்டர் பெரும்பாலும் இப்படிச் சுடாது என்றார். யாரோ இழுக்கிறார்கள், இது தன்னைக் காத்துக்கொள்ள வோல்ட்டைக் கீழே விடுகிறது. வெளிக்காலைப் போர்டிலிருந்து பிரித்து அளந்தார்: 5.02. முன்பு மாற்றிய இரண்டும் இப்படி நல்லதாகவே இருந்திருக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டரை ஒரு ரெசிஸ்டர் வழியே வடித்தார். மிச்ச மின்னூட்டம் இருந்தால் ஓம் அளவு பொய் சொல்லும். பிறகு 5 வோல்ட் தடத்துக்கும் கிரவுண்டுக்கும் நடுவே பஸ்சர் கத்தியது. பையன் "ஷார்ட்டு அண்ணா!" என்றான். "கத்துறத நம்பாத, நம்பரப் பாரு. இந்த மீட்டர் முப்பது ஓம் வரைக்கும் கத்தும்." முனைகளை ஒன்றோடொன்று தொட்டபோது 0.3, தடத்தில் 1.5. ஆக 1.2 ஓம், உண்மையான ஷார்ட்தான்.

ஆனால் எங்கே? அந்தத் தடத்தில் இருபதுக்கு மேல் பாகங்கள் தொங்குகின்றன. எதன்மேல் வைத்தாலும் அதே 1.5 காட்டும். இங்கேதான் அவர் கைவேலை. மேசை சப்ளையை 1 வோல்ட், அரை ஆம்பியரில் கட்டி அந்தத் தடத்துக்குக் கொடுத்தார். சில்லுகள் விழிக்காத அளவு அது. மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைத் தொடக்கத்தில் நிறுத்தி, மற்றதைத் தடத்தோடு நகர்த்தினார். 2, 5, 8. அடுத்ததும் 8, அதற்கடுத்ததும் 8. மின்னோட்டம் அங்கேயே இறங்கிவிட்டது, அப்பால் போகவில்லை. எட்டு தொடங்கிய இடத்தில், திருகுத் துளையை ஒட்டி, அரிசிக் குருணையளவு செராமிக் கெபாசிட்டர்.

கழற்றியதும் தடம் 640 ஓம். லென்ஸில் பார்த்தேன், குறுக்கே மயிரிழை விரிசல். பெட்டியின் தகடு வளைந்திருந்தது; திருகு இறுகியபோது போர்டும் வளைந்து அதை உடைத்திருக்கிறது.

புதிய கெபாசிட்டரை வைத்து, 7805-இன் காலைத் திரும்பச் சேர்த்தார். 5.01 வோல்ட், பச்சை விளக்கு. ஆனாலும் உடனே கொடுத்துவிடவில்லை. உள்ளே புரோகிராம் பிழைத்ததா என்று மீட்டர் சொல்லாது. நான்கு வால்வு ரிலேக்களும் முறை தவறாமல் தட்டுகின்றனவா என்று ஒரு மணிநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். திருகுக்கு அடியில் ஒரு நைலான் வாஷர் போட்டு மூடிய பிறகுதான் விவசாயியைக் கூப்பிட்டார்.