``பேரைச் சொல்லாம வேலையை மட்டும் சொல்லு, அம்மிணி!''

இன்டர்வியூ தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. எதிரே இருந்த பெரியவர் தன் செல்போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் ஃபைலில் நான் கறுப்புப் பட்டை போட்டு அவ்வளவு கவனமாக மறைத்து வைத்திருந்த கம்பெனியின் பெயர், திரையில் பளிச்சென்று இருந்தது.

``பேப்பர் கட்டிங்ல பேரை மறைச்சீங்க, சரி. தலைப்பை அப்படியே விட்டுட்டீங்களே அம்மிணி. அதுல நாலு வார்த்தையைத்தான் தேடினேன்'' என்றார். திட்டவில்லை. அடுத்து ஒன்று கேட்டார் பாருங்கள், அதுதான் சுட்டது. ``நாளைக்கு எங்க வீட்டு விஷயமும் இப்படித்தான் அடுத்த ஆபீஸ் மேஜைக்குப் போகுமுங்களா?''

அந்த வேலை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால்தான் ஆச்சர்யப்பட்டிருப்பேன்.

என் விசிட்டிங் கார்டில் `கம்யூனிகேஷன்ஸ் ஆபீசர்' என்று இருக்கும். அம்மாவைக் கேட்டால் ``பேப்பர்காரங்ககிட்ட பேசற வேலை'' என்பார். பாதி சரிதான். கம்பெனி பற்றிய நல்ல செய்தியை வெளியே கொண்டுபோவதும், சிக்கல் வரும்போது யாரிடம் எதை எந்த வரிசையில் சொல்வது என்று பார்ப்பதும் என் வேலை. இந்த இரண்டாவது பாதியைத்தான் வெளியே சொல்ல முடியாது. ரகசியம் காப்பதாகக் கையெழுத்துப் போட்டிருப்போம். ஆனால் அடுத்த வேலைக்குப் போனால் முதல் கேள்வியே, ``இதுவரைக்கும் என்ன பண்ணியிருக்கீங்க?''

கோயம்புத்தூர், திருப்பூர் பக்கம் இது இன்னும் கஷ்டம். இங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். `அவிநாசி பக்கம் ஒரு பனியன் கம்பெனி' என்றால் நூறு பேர் இருப்பார்கள். `குழந்தைகள் துணி மட்டும் தைப்பவர்கள்' என்று சேர்த்தால் கூட்டம் குறையும். `போன வருஷம் புது யூனிட் திறந்தார்கள்' என்றும் சேர்த்தால் ஆள் யாரென்று டீக்கடையிலேயே சொல்லிவிடுவார்கள். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் ரகசியமில்லை. மூன்றும் ஒரே பக்கத்தில் வந்தால் பெயரை எழுதியதற்குச் சமம்.

வீட்டுக்கு வந்து அந்த ஃபைலைக் கடுப்போடு பிரித்துப் பார்த்தேன். இன்னும் இரண்டு ஓட்டைகள். கறுப்புப் பட்டை போட்ட பி.டி.எஃப்-பில் அந்த இடத்தை காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினால், அடியில் இருந்த பெயர் அப்படியே வந்தது. பட்டை மேலே ஒட்டிய திரைதான், எழுத்து அழியவில்லை. ஃபைலின் பெயரிலேயே கம்பெனியின் சுருக்கெழுத்தும் இருந்தது. இந்த லட்சணத்தில் நான் அதை மூன்று இடங்களுக்கு மெயிலில் வேறு அனுப்பியிருந்தேன்.

புதிதாக எழுத உட்கார்ந்தபோதுதான் எங்கள் மாமா நினைவுக்கு வந்தார். பல வருடங்களாக நூல் புரோக்கர். எந்த மில்லில் என்ன நடக்கிறது என்று அந்த மில் முதலாளிக்கு முன்பே அவருக்குத் தெரியும். எழுதிய பக்கத்தை அவரிடம் நீட்டி, ``இது யாருன்னு சொல்லுங்க மாமா'' என்றேன். கண்ணாடியைப் போட்டுப் படித்து, இரண்டாவது முயற்சியிலேயே சரியாகச் சொல்லிவிட்டார்.

அடுத்த முறை தந்திரம் செய்தேன். தொழிலை மாற்றி, ஊரை மாற்றி எழுதிக் கொடுத்தேன். மாமா கொஞ்சமும் யோசிக்காமல் வேறொரு கம்பெனியின் பெயரைச் சொன்னார். ``அட, அவங்க இப்படிப் பண்ணுனாங்களா?'' என்று வருத்தம் வேறு. எனக்குப் பகீரென்றது. சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் பழி போய் விழுந்திருக்கிறது. அன்றோடு விவரத்தை மாற்றி எழுதுவதை விட்டேன். விவரத்தை விடலாம், பொய்யாக்கக் கூடாது. மாமா ஒரு பெயரும் சொல்ல முடியாமல் பக்கத்தைத் திருப்பித் தந்தால்தான் பாஸ்.

அப்படிப் பாஸ் ஆகக்கூடிய சம்பவம் எது என்று தேடினால், ஒரு கம்பெனிக்கு மட்டும் வந்த சிக்கல் சரிவராது. தேதியைச் சொன்னாலே பெயர் வந்துவிடும். நூற்றுக்கணக்கான கம்பெனிகளுக்கு ஒரே நாளில் வந்த சிக்கல் வேண்டும். அப்படி ஒன்றை நான் பார்த்திருந்தேன்.

2023 மார்ச் முதல் வாரம் நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வீடியோக்கள் பறந்தன. அப்போதைய டி.ஜி.பி சைலேந்திர பாபு அவை பொய் என்று அறிவித்தார். பரவிய வீடியோக்களில் ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு குழுக்களுக்குள் நடந்த மோதல், இன்னொன்று கோவையைச் சேர்ந்த உள்ளூர்க்காரர்களின் தகராறு என்று விளக்கினார். முதல்வர் ஸ்டாலின், பீகார் முதல்வர் நிதிஷ் குமாருடன் பேசினார். பீகார் அரசு அனுப்பிய குழு திருப்பூருக்கும் வந்து தொழிலாளர்களிடம் விசாரித்தது. இதெல்லாம் ஊரறிந்த செய்தி. இதில் நான் யாருக்கு வேலை பார்த்தேன் என்பது மட்டும்தான் ரகசியம்.

அன்று காலை ஹாஸ்டல் வார்டன் போன் செய்தார். ``பசங்க ராத்திரி பூரா தூங்கலீங்க. ஊர்ல இருந்து அம்மாமாருக அழுதுட்டே போன் பண்றாங்க.'' நான் போய்ச் சேர்வதற்குள் முதலாளி ஒரு பத்திரிகை அறிக்கையைத் தயாராக வைத்திருந்தார். `எங்கள் நிறுவனத்தில் தொழிலாளர்கள் யாரும் தாக்கப்படவில்லை' என்று முதல் வரி.

அதை நிறுத்துவதற்குத்தான் அன்று அதிகம் பேச வேண்டியிருந்தது. உங்களை யாரும் குற்றம் சொல்லவில்லை. நீங்களே மறுத்தால் உங்கள் பெயரும் `தாக்குதல்' என்ற சொல்லும் ஒரே வரியில் அச்சாகும். நாளை யாராவது உங்கள் கம்பெனியைத் தேடினால் அந்த வரிதான் முதலில் நிற்கும். முதலாளி முகத்தைச் சுளித்தார். ஆனாலும் அறிக்கையை மடித்து மேஜைக்குள் வைத்தார்.

யாருக்கெல்லாம் பதில் தேவை என்று ஒரு தாளில் எழுதினோம். ஹாஸ்டல் பையன்கள். பீகாரில் இருக்கும் அவர்கள் குடும்பங்கள். ஆள் அனுப்பும் கான்ட்ராக்டர்கள். வெளிநாட்டு பையர்கள். கடைசியில் பத்திரிகை. பத்திரிகைக்காரர்களோடு பேசியே சம்பளம் வாங்குகிற நான், அவர்களைக் கடைசியில் வைத்தது அன்றுதான்.

முதலில் நான் செய்தது தப்பு. தமிழிலும் ஆங்கிலத்திலும் நோட்டீஸ் அடித்து ஹாஸ்டல் சுவரில் ஒட்டினேன். ஒருவரும் நின்று படிக்கவில்லை. பயம் வந்தது போன் வழியாக, இந்தியில், முகத்தோடும் குரலோடும். அதற்கு ஒரு தாளால் பதில் சொல்ல முடியுமா? மதியத்துக்குள் வழியை மாற்றினோம். அவர்கள் ஊரிலிருந்தே வந்து சூப்பர்வைசர் ஆனவர்கள் இருந்தார்கள். டி.ஜி.பி சொன்னதை அவர்கள் சிறுசிறு குழுவாக உட்கார வைத்து விளக்கினார்கள். சாப்பாட்டு நேரத்தை நீட்டித்து, வீட்டுக்கு வீடியோ கால் போடச் சொன்னோம். ஒரு பையன் போனைத் திருப்பித் தன் தட்டையும், பக்கத்தில் சாப்பிடும் தமிழ்ப் பையனையும் அம்மாவுக்குக் காட்டினான். நான் எழுதிய எந்த அறிக்கையும் அந்த வேலையைச் செய்திருக்காது.

பையர்களுக்கு ஐந்தே வரியில் மெயில். அவர்கள் கேட்பதற்கு முன்பே போய்விட்டது. பத்திரிகைக்காக மூன்று வரி வாசகம் எழுதிக் கையில் வைத்திருந்தோம். கேட்டால் மட்டும் சொல்ல. இரண்டு நிருபர்கள் கேட்டார்கள். சொன்னோம். மறுநாள் பேப்பரில் எங்கள் கம்பெனி பெயர் வரவில்லை.

அங்கேதான் என் ஃபைலுக்குச் சிக்கல். வேலை நன்றாக நடந்தால் கட்டிங்கே இருக்காது. இல்லாத கட்டிங்கை எப்படிக் காட்டுவது?

எங்கள் தொழிலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. வந்த செய்தியை ஸ்கேல் வைத்து அளந்து, அந்த இடத்துக்கு விளம்பரம் கொடுத்தால் என்ன ஆகும் என்று பெருக்கி, `இத்தனை லட்சம் மதிப்பு' என்று எழுதுவது. செய்திக்கு நம்பகம் அதிகம் என்று சொல்லி அதை மூன்றால் பெருக்குகிறவர்களும் உண்டு. நானும் பெருக்கியிருக்கிறேன். 2010-ல் பார்சிலோனாவில் உலகளவில் இந்தத் துறையினர் கூடியபோதே, விளம்பரக் கட்டணத்தை வைத்து எங்கள் வேலையின் மதிப்பைச் சொல்லக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டார்கள். அதன் பிறகும் பல வருடங்கள் எங்கள் ஆபீஸில் ஸ்கேல் ஓய்ந்ததில்லை. `பத்து லட்சம் பேரைச் சென்றடைந்தோம்' என்பதும் இதே ஜாதிதான். நாலு பேப்பரின் வாசகர்களைக் கூட்டினால், நாலையும் படிக்கும் ஒருவர் நாலு பேராகிவிடுவார்.

பத்திரிகைக்கு நாங்களே கொண்டுபோன நல்ல செய்திகள் எனக்கும் உண்டு. அவற்றில் கட்டிங்கை ஒட்டாமல், எத்தனை தமிழ்ப் பேப்பர், எத்தனை ஆங்கிலப் பேப்பர், நாங்கள் சொல்ல நினைத்த முக்கியமான வரி எத்தனையில் வந்தது என்று மட்டும் எழுதினேன். இந்த வதந்திச் சம்பவத்துக்கு அதுவும் இல்லை. அதனால் லீவு ரிஜிஸ்டரை எடுத்தேன்.

இதிலும் ஒரு பொறி இருக்கிறது. 2023-ல் ஹோலி மார்ச் 8. வதந்தி வராவிட்டாலும் பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பும் நேரம். போனவர்களை எல்லாம் பயந்து போனவர்கள் என்று எண்ணினால் தப்பு. இருந்தவர்களை எல்லாம் நான் பேசியதால் இருந்தார்கள் என்பது அதைவிடத் தப்பு. அதனால் 2022 ஹோலிக்கு எத்தனை பேர் லீவு எடுத்தார்கள் என்று பார்த்து, அதன் பக்கத்தில் இந்த வருடத்தை வைத்தேன். நூற்றுக்கு இத்தனை என்று மட்டும் எழுதினேன். மொத்த ஆட்கள் எத்தனை என்று எழுதினால் மாமா கண்டுபிடித்துவிடுவார். வதந்தி உச்சத்தில் இருந்தபோது லீவு கேட்டவர்கள் முந்தைய வருடத்தைவிடத் தெளிவாக அதிகம். கடைசியில் ரயில் ஏறியவர்கள் கொஞ்சம்தான் அதிகம். ஏப்ரல் முடிவதற்குள் பெரும்பாலானோர் திரும்பிவிட்டார்கள். அடியில் ஒரு வரி சேர்த்தேன்: `போலீஸும் மாவட்ட நிர்வாகமும் செய்த வேலையின் பலன் இதில் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.'

பழைய முதலாளியிடம் எல்லாவற்றையும் காட்டி எழுத்தில் சம்மதம் வாங்கினேன். அவர் ஒன்றை மட்டும் அடித்தார். பையர்கள் எந்த நாடு என்று எழுதியிருந்தேன். ``இது வேண்டாமுங்க'' என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை.

மாமா அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். ``இது திருப்பூர்ல யாரா வேணா இருக்கலாம் அம்மிணி'' என்றார். அவர் குரலில் கொஞ்சம் ஏமாற்றம்.

அடுத்த இன்டர்வியூ பீளமேட்டில். இந்த முறை மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்மணி. பக்கத்தைப் படித்துவிட்டு, ``யாருங்க இது?'' என்றார். ``சொல்ல முடியாதுங்க மேடம்.'' சிறிது நேரம் கழித்து, ``சும்மா நமக்குள்ளதான், சொல்லுங்க'' என்றார். மறுபடியும் மறுத்தேன். அவர் ஏதோ குறித்துக்கொண்டு, லீவு ரிஜிஸ்டர் பத்திக்கு வந்து விரலை வைத்தார்.

``போன வருஷ ஹோலியோட ஒப்பிடணும்னு யார் சொன்னது?''

``நானேதாங்க.''

``அந்த நோட்டீஸ் ஒட்டுனீங்களே, அது எத்தனை நாள் சுவத்துல இருந்துச்சு?''

``மூணு மாசம் இருந்துச்சுங்க. யாரும் கிழிக்கக்கூட இல்ல'' என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சம்பளப் பேச்சு அடுத்த வாரம் என்று சொல்லி அனுப்பினார்.