பெயரை மாற்றிப் பாருங்கள்

ஆய்வேடு கைக்கு வந்ததும் நான் ஒரு சோதனை செய்வேன். கோட்பாட்டு இயலில் இருக்கும் அறிஞரின் பெயரை எடுத்துவிட்டு, அங்கே இன்னொருவரை வைத்துப் பார்ப்பேன். பகுப்பாய்வு இயலில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை என்றால், முன்னே சொன்ன கோட்பாடு அங்கே எந்த வேலையும் பார்க்கவில்லை.

ஜவ்வாது மலையடிவாரத்துப் படவேட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களைப் பற்றி ஓர் ஆய்வேடு என்று வைத்துக்கொள்வோம். தலைப்பு 'சமூக மூலதனம்'. இந்தச் சொல் ராபர்ட் புட்னமிடமும் உண்டு, பியர் போர்தியுவிடமும் உண்டு. ஆனால் இருவரும் பார்ப்பது வேறு வேறு. 1993இல் இத்தாலி பற்றி எழுதிய புட்னமுக்கு அது ஊருக்கே பொதுவான சொத்து, மக்களின் பரஸ்பர நம்பிக்கை. போர்தியுவுக்கோ அது தனியாளிடமும் அவர் சார்ந்த வட்டத்திலும் ஏற்றத்தாழ்வாகச் சேர்வது. படிப்பு தொடர்பாகவும், தொடர்பு பணமாகவும் மாறும். அப்படி மாற நேரமும் உழைப்பும் செலவாகும்.

போர்தியுவைத் தேர்ந்துவிட்டால் களத்தில் கேட்கும் கேள்வியே மாற வேண்டும். "குழுவால் உங்களுக்குப் பயன் உண்டா?" என்று கேட்டால் எல்லோரும் உண்டு என்பார்கள். தீர்மான நோட்டை எழுதுவது யார், வங்கிக்குப் போவது யார், அன்றைக்கு அவருடைய கூலி என்ன ஆனது, வீட்டில் சமைத்தது யார் என்று கேட்டால்தான் போர்தியு உள்ளே வருகிறார். பத்தாவது வரை படித்த ஊக்குநர் நோட்டு எழுதுகிறார். அதனால் வங்கி மேலாளருக்குப் பழக்கமாகிறார். அடுத்த கடன் அவருக்கு எளிதாகக் கிடைக்கிறது. அவர் வங்கியில் காத்திருக்கும் நேரத்தில் வீட்டு வேலை மருமகள் தலையில். பகுப்பாய்வின் பத்தி இந்த வரிசையிலேயே நடக்க வேண்டும்: எந்த மூலதனம், எதுவாக மாறியது, யார் செலவில். "இது போர்தியுவின் கருத்தோடு ஒத்துப்போகிறது" என்று கடைசியில் ஒட்டும் வாக்கியத்தை நான் அடித்துவிடுவேன். மேலே உள்ள பத்தி சொல்லாததை அது சொல்லிவிடப் போவதில்லை.

சரி, பள்ளிக்கே போகாத ஒரு பெண் அதே ஊரில் குழுவை நடத்துகிறார் என்றால்? ரேணுகாம்பாள் கோயில் திருவிழாவில் அவருக்குச் சாமி வரும். அவர் சொல்லை யாரும் தட்டுவதில்லை. படிப்பு, தொடர்பு, பணம் என்று போய்க்கொண்டிருந்த சங்கிலி இங்கே அறுகிறது. பல மாணவர்கள் இந்த நேர்காணலைப் பின்னிணைப்புக்குத் தள்ளிவிடுவார்கள். எனக்கு அதுதான் முக்கியமான நேர்காணல். ஊரார் அங்கீகரிப்பதாலேயே அதிகாரமாகிற குறியீட்டு மூலதனம் பற்றியும் போர்தியு பேசியிருக்கிறார். அது இந்தப் பெண்ணுக்குப் பொருந்துமா என்று பார்க்க இன்னொரு கேள்வி போதும்: குழுவில் செல்லும் அந்த மதிப்பு வங்கி மேசையிலும் செல்கிறதா? செல்லாது என்றால், ஒரு மூலதனம் எந்த வாசலில் மதிப்பிழக்கிறது என்பதே அந்த இயலின் கண்டுபிடிப்பு. உடனே கோட்பாட்டு இயலுக்குத் திரும்பி, குறியீட்டு மூலதனத்துக்கு ஒரு பக்கம் சேர்க்க வேண்டும். எங்கும் கையாளாத கருத்துகளுக்குக் கொடுத்த பக்கங்களை வெட்ட வேண்டும்.