பிசுக்குக்கு அடியில் இருக்கும் பெயின்ட்

அக்கா வீட்டு அடுப்படியில் பூரி, வடை எல்லாமே சூரியகாந்தி எண்ணெய்தான். அடுப்புக்குப் பின்னால் டைல்ஸ் முடிகிற இடத்திலிருந்து கூரை வரைக்கும் சுவர் தேன் நிறத்தில் மின்னும். விரலை வைத்தால் 'பச்'சென்று ஒட்டும். பொங்கலுக்கு முன்னால் அதைத் துடைக்கக் கூப்பிட்டாள். நான் போவதற்குள் பச்சை நாரை எடுத்து ஒரு மூலையில் அழுத்தித் தேய்த்து வைத்திருந்தாள். பிசுக்கு அப்படியே இருந்தது. சுற்றிலும் பெயின்ட் மட்டும் பளபளவென்று மினுங்கியது. மேட் ஃபினிஷ் பெயின்டில் நார் பட்டால் அப்படித்தான் ஆகும். அந்தத் திட்டைத் துடைத்து எடுக்க வழியில்லை.

வாணலியிலிருந்து ஆவியோடு கிளம்பும் துளி சுவரில் படியும்போது எண்ணெய்தான். பிறகு காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கோந்தாகிவிடுகிறது. ஓவியர்கள் ஆளிவிதை எண்ணெயில் நிறம் குழைத்துத் தீட்டுவதும் இதே குணத்தை நம்பித்தான். சூரியகாந்தி எண்ணெய் அந்த அளவுக்கு இறுகாது, ஆனாலும் அதே வழியில்தான் போகிறது. தேங்காயெண்ணெய் அவ்வளவு சுலபமாகக் கோந்தாகாது. ஆக, அக்கா சுவரில் இருந்தது அழுக்கு என்பதைவிட, பெயின்டுக்கு மேல் பூசப்பட்ட இன்னொரு அரைகுறை பெயின்ட் என்பதே பொருத்தம். மேலே உள்ளது இளக வேண்டும், கீழே உள்ளது இளகக் கூடாது. சிக்கலே அங்கேதான்.

அதனால் முதலில் கீழே என்ன இருக்கிறது என்று பார்த்தோம். ஃபிரிட்ஜுக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடத்தில், வெள்ளைத் துணியை நனைத்து லேசாகத் துடைத்தோம். துணியில் நிறம் ஏறினால் டிஸ்டம்பர் அல்லது சுண்ணாம்பு. அதற்குத் தண்ணீர் ஆகாது, சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பதே மேல். நிறம் ஏறவில்லை. எமல்ஷன்தான்.

கை பொறுக்கும் சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீர், அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு டீஸ்பூன். அவ்வளவே. சுவிட்ச் போர்டு பக்கத்திலேயே இருந்ததால் முதலில் மெயினை அணைத்தோம். துணியை நன்றாகப் பிழிந்து, பிசுக்கின் மேல் ஒற்றி, இரண்டு மூன்று நிமிடம் அப்படியே பிடித்திருந்தோம். சூடு கோந்தை இளக்கும், சோப்பு அதைத் தண்ணீரோடு கலக்க வைக்கும். இரண்டுக்குமே நேரம் வேண்டும். அதற்குப் பிறகு துடைத்தால் துணி பழுப்பாக வரும். கீழிருந்து மேலே போவது நல்லது. மேலிருந்து ஆரம்பித்தால் அழுக்குநீர் காய்ந்த சுவரில் வழிந்து கோடு போட்டுவிடும், அது எளிதில் போகாது. கடைசியில் வெறும் தண்ணீரில் இரண்டு தடவை துடைக்க வேண்டும். சோப்பு தங்கினால் அதுவே தூசியை இழுக்கும்.

அக்காவுக்கு ஆப்பசோடாவின் மேல் பெரிய நம்பிக்கை. வினிகரையும் அதில் ஊற்றலாமா என்று கேட்டாள். நுரை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் காரமும் அமிலமும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிடும். சலவைச் சோடா பிசுக்கை நன்றாகவே அறுக்கும். ஆனால் எனாமல் அடித்த மர அலமாரிக் கதவில் அது படவே கூடாது. எனாமலும் அடிப்படையில் எண்ணெய் வழி வந்த பெயின்ட்தான். பிசுக்கை அறுக்கிற சோடா அதையும் சேர்த்து அறுக்கும். துடைத்த இடம் மங்கி வழவழத்தால் அதுதான் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

கதவுக் கைப்பிடியைச் சுற்றி இருந்த கெட்டிப் பிசுக்குக்கு இரண்டு சொட்டு சமையல் எண்ணெயே போதுமாக இருந்தது. பஞ்சில் தொட்டுத் தடவி, இளகியதும் சோப்புத் துணியால் எடுத்துவிட்டோம். (அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது.) சன்மைக்கா ஒட்டிய கதவுகளில் பயமில்லை, விளிம்பு மட்டும் நனையக் கூடாது. உள்ளே இருக்கிற மரத்தூள் பலகை தண்ணீர் குடித்தால் உப்பிவிடும்.

சோடாவுக்குச் சரியான இடம் சிம்னி ஃபில்டர், அதுவும் ஸ்டீல் தகடு வைத்ததாக இருந்தால். அகலமான டப்பில் கொதிநீர், இரண்டு மேசைக்கரண்டி சலவைச் சோடா, கொஞ்சம் திரவம்; அரை மணி நேரம் ஊறினால் பழைய பிரஷ்ஷே போதும். கையுறை அவசியம். அக்கா வீட்டில் இருந்தது பல அடுக்கு அலுமினிய வலை. அலுமினியத்தைச் சோடா அரித்துக் கறுக்க வைக்கும் என்பதால் சுடுநீரும் திரவமும் மட்டும் போட்டு, தண்ணீர் ஆற ஆற மாற்றினோம். ஈரம் சுத்தமாக வடிந்து காய்ந்த பிறகுதான் மாட்டினோம்.

மாலையில் சுவரைத் தொட்டால் ஒட்டவில்லை, ஆனால் மஞ்சள் மட்டும் மிச்சம் இருந்தது. அது பெயின்டுக்குள்ளேயே ஊறிய கறை. இனி தேய்த்தால் பெயின்ட்தான் போகும். "அப்ப மேலேயே ஒரு கோட் அடிச்சிடலாமா?" என்றாள் அக்கா. கொஞ்சம் தண்ணீரைத் தெளித்துப் பார்த்தேன். அடுப்புக்கு நேர் மேலே மட்டும் நீர் பரவாமல் முத்து முத்தாக நின்றது. அந்த இடத்தில் எண்ணெய் இன்னும் இருக்கிறது. எமல்ஷன் அதன் மேல் பிடிக்காமல் உரிந்து வரும். திரும்பவும் தண்ணீரைச் சுடவைத்தோம்.