சொந்தச் செலவில் ஒரு கறுப்பு ஜன்னல்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரை ஆச்சுன்னா எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும், நான் கதவைச் சாத்திட்டு உக்காந்துடுவேன். பெங்களூர்ல இருக்கிற தம்பியும் அதே நேரத்துக்கு அங்க ஹெட்போனை மாட்டிப்பான். ரெண்டு பேரும் சேர்ந்து லெஃப்ட் 4 டெட் 2. 2009ல வந்த பழைய விளையாட்டுதான். நாலு பேர் சேர்ந்து ஜோம்பிகளைச் சுட்டுத் தள்ளிக்கிட்டே ஊரை விட்டுத் தப்பிக்கணும். ஆள் குறைஞ்சா மீதிப்பேரை கம்ப்யூட்டரே ஆடும். எங்களுக்கு ரெண்டு பேர், ரெண்டு பொம்மை.

நாப்பது வயசுக்கு மேல இது தேவையான்னு கேக்காதீங்க. 2021ல அப்பா போனதுக்கப்புறம் ஊர் வீட்டை விக்கிறதா வேண்டாமான்னு எனக்கும் அவனுக்கும் ஒரு வாக்குவாதம். பெரிய சண்டைன்னு சொல்ல முடியாது. ஆனா பேச்சு பொங்கலுக்கும் தீபாவளிக்கும்னு சுருங்கிப் போச்சு. 2023ல அவனா ஒரு நாள், "அண்ணா, பழைய கேம் ஏதாவது ஆடலாமா?"ன்னு கேட்டான். அதிலிருந்து இந்த சனிக்கிழமை. வீட்டு விஷயம் எதுவும் பேசிக்க மாட்டோம். "இடது பக்கம் பாரு", "மருந்து இருக்கா", அவ்ளோதான். அதுவே எங்களுக்குப் போதுமானதா இருந்துச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

மூணாவது வாரமோ நாலாவது வாரமோ, ரெண்டு பொம்மையும் செத்துப்போய் நாங்க ரெண்டு பேர் மட்டும் மிச்சம். தம்பியை ஸ்மோக்கர் பிடிச்சு இழுத்துட்டான். நீளமா நாக்கை விட்டு இழுக்கிறவன். மாட்டிக்கிட்டவன் ஒண்ணும் பண்ண முடியாது, கூட இருக்கிறவன்தான் காப்பாத்தணும். நான் திரும்பி குறி பார்க்கிறேன்... பொசுக்குன்னு விளையாட்டு கீழே இறங்கிருச்சு. திரையில என் டெஸ்க்டாப், அதுல என் பொண்ணு ஐஸ்கிரீம் சாப்பிடுற படம்! கீழே இருக்கிற ஐகானைத் தட்டி மறுபடி உள்ள போறதுக்குள்ள திரை கறுப்பாகி நாலஞ்சு செகண்ட். உள்ள போனா ரெண்டு பேரும் காலி.

"சாரிடா, அதுவா மினிமைஸ் ஆயிருச்சு"ன்னு வாட்சப்ல அனுப்பினேன். அந்த ராத்திரி இன்னும் ரெண்டு தடவை. அடுத்த வாரமும் அதே. மூணாவது வாரம் அவன் மெதுவா சொன்னான்: "அண்ணா, ஆபீஸ் மெயில் பார்க்கணும்னா பாரு. விருப்பம் இல்லாம எனக்காக உக்கார வேண்டாம்."

சுருக்குன்னு இருந்துச்சு. நான் ஆல்ட்-டேப் போட்டு மெயில் பார்க்கிறேன்னு நெனச்சுட்டான். நான் பண்ணலைன்னு எப்படி நிரூபிக்கிறது?

முதல்ல சந்தேகப்பட்டது நோட்டிஃபிகேஷனை. வலது கீழ் மூலையில வந்து எட்டிப் பார்க்குமே, அது. எல்லாத்தையும் அணைச்சேன். ஒரு பிரயோஜனமும் இல்லை. பிறகுதான் புரிஞ்சுது, அந்த அறிவிப்புப் பெட்டி பொதுவா திரைமேல ஒட்டிக்கிட்டு நிக்குமே தவிர ஃபோகஸைப் பிடுங்காது. ஃபோகஸ்னா, நீங்க தட்டுற விசை எந்த ஜன்னலுக்குப் போய்ச் சேரணுங்கிற உரிமை. அறிவிப்பு வந்தாலும் அந்த உரிமை விளையாட்டுகிட்டயேதான் இருக்கும். எரிச்சல் வரும், ஆனா விளையாட்டு கீழே இறங்காது. இறங்குச்சுன்னா, வேற ஏதோ ஒரு நிஜமான ஜன்னல் திறந்து அந்த உரிமையை வாங்கியிருக்குன்னு அர்த்தம்.

ஆனா டெஸ்க்டாப்ல எந்த ஜன்னலும் இல்லையே? அதான் குழப்பம்.

துப்பு கிடைச்சது வாட்சப்ல. நான் அனுப்பின சாரிகளையெல்லாம் மேலே தள்ளிப் பார்த்துக்கிட்டிருந்தேன் (அவ்ளோ சாரி!). ஒரு ராத்திரி 9:43, 10:43, 11:44. அதுக்கு முந்தின வாரம் 9:43, 10:44. விளையாட்டு கீழே இறங்கி ஒரு நிமிஷத்துல நான் சாரி அனுப்பியிருக்கேன். அப்படின்னா ஒவ்வொரு மணிக்கும் 42ஆவது நிமிஷம் ஏதோ நடக்குது. மெயிலோ மெசேஜோ இப்படி கடிகாரம் பார்த்து வராது. இது யாரோ நேரம் குறிச்சு வச்ச வேலை.

விண்டோஸ்ல நேரம் குறிச்ச வேலைகளைப் பார்த்துக்கிற இடம் Task Scheduler. திறந்தா உள்ளே அடுக்கடுக்கா ஃபோல்டர், ஒவ்வொண்ணுலயும் ஏகப்பட்ட வேலை. ஒவ்வொண்ணாப் பார்த்தா விடிஞ்சுடும். அதனால ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 7:42 ஆகுற வரைக்கும் காத்திருந்து, 7:43க்கு பவர்ஷெல்லை அட்மினா திறந்து இதைப் போட்டேன். கடைசியா ஓடின எட்டு வேலையைக் காட்டும்:

```
Get-ScheduledTask | Get-ScheduledTaskInfo |
  Sort-Object LastRunTime |
  Select-Object -Last 8 TaskName, LastRunTime
```

வந்த பட்டியல்ல ஏழு வேலைக்கு நேரம் முன்னப்பின்ன இருந்துச்சு. எட்டாவது மட்டும் டான்னு 7:42. அதோட பேர் photo_copy.

மக்களே, அந்த வேலையை எழுதி வச்சவன் வேற யாரும் இல்லை. நான்தான். சொந்த செலவில் சூனியம்னு சொல்வாங்களே, அதேதான்.

அப்பா போன மாசம், அவர் போன்ல இருந்த படம், வீடியோ, அவர் அனுப்பின குரல் பதிவு எல்லாத்தையும் என் பொட்டிக்கு ஏத்தினேன். அம்மா போன்ல இருக்கிறதும் அதே ஃபோல்டருக்கு வந்து சேருற மாதிரி வச்சிருந்தேன். ஒண்ணுகூட தொலையக்கூடாதுன்னு, மணிக்கொரு தரம் புதுசா வந்ததை எல்லாம் இன்னொரு டிஸ்க்குக்குப் பிரதி எடுக்கிற மாதிரி robocopy வச்சு ஒரு சின்ன பேட்ச் ஃபைல். அன்னிக்கு சாயங்காலம் உக்காந்து எழுதி முடிச்சப்போ மணி 6:42 போலிருக்கு. அதையே ஆரம்ப நேரமா வச்சு, மணிக்கொரு தரம் திரும்ப ஓடச் சொல்லியிருக்கேன். பிறகு மறந்தே போயிட்டேன். வேலை பார்க்கிறப்போ எப்பவாவது கறுப்பா ஏதோ மின்னி மறையும், டைப் பண்ணினதுல ரெண்டு எழுத்து காணாமப் போகும். கண்டுக்கவே இல்லை.

ஆனாலும் அதுதான் குற்றவாளின்னு உறுதி பண்ணணுமில்ல? நேரம் ஒத்துப்போறது மட்டும் போதாது. கமாண்ட் பிராம்ப்ட்ல இதைப் போட்டுட்டு, முப்பது செகண்டுக்குள்ள விளையாட்டுக்குள்ள போயிட்டேன்:

```
timeout /t 30 & schtasks /run /tn photo_copy
```

உள்ள போய் சுவத்தைப் பார்த்து நின்னேன். பொசுக். டெஸ்க்டாப். பொண்ணு ஐஸ்கிரீம். இன்னொரு தடவை செஞ்சேன், அதே பொசுக். சரி, கேஸ் முடிஞ்சுது.

நடக்கிறது இதுதான். பேட்ச் ஃபைல் ஓடணும்னா விண்டோஸ் அதுக்கு ஒரு கறுப்பு ஜன்னல் திறக்கும், ஃபோகஸும் அதுக்குப் போயிடும். புதுப் படம் எதுவும் இல்லைன்னா ஒரு செகண்டுக்குள்ள வேலை முடிஞ்சு ஜன்னல் மூடிடும். அதான் டெஸ்க்டாப்ல வந்து தேடினப்போ தடயமே இல்லை. நம்ம விளையாட்டோ டைரக்ட்3டி 9ல எழுதினது. நிஜ முழுத்திரையில ஓடுறப்போ திரை மொத்தமும் அதுக்கு மட்டும் சொந்தம். ஃபோகஸ் கை மாறின அந்த நொடியே அந்த உரிமை பறிபோயிடும். விளையாட்டு தன்னைச் சுருட்டிக்கிட்டு கீழே போயிடும். கறுப்பு ஜன்னல் மூடினாலும் தானா மேல வராது, நாமதான் கூப்பிடணும். கூப்பிட்டா, கிராஃபிக்ஸை மறுபடி முதல்லேருந்து ஏத்தணும். அந்த நாலஞ்சு செகண்ட் கறுப்பு அதுக்குத்தான்.

இனி வைத்தியம். அந்த வேலையோட பண்புகள்ல Hidden னு ஒரு கட்டம் இருக்கு. ஆஹான்னு டிக் பண்ணினேன். மறுபடி சோதனை, மறுபடி பொசுக். அது கறுப்பு ஜன்னலை மறைக்கிற கட்டம் இல்லைங்க, பட்டியல்ல இருந்து வேலையோட பேரை மறைக்கிற கட்டம்! இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு தேடினா கண்ணுலயே பட்டிருக்காது. உடனே எடுத்துட்டேன்.

சரியான இடம் அதே பக்கத்துல கொஞ்சம் மேல. Run only when user is logged on னு இருந்ததை Run whether user is logged on or not னு மாத்தணும். முதல் வகையில, நாம உக்காந்திருக்கிற அதே திரையில வேலை ஓடும், அதனால ஜன்னல் தெரியும். ரெண்டாவது வகையில, நம்ம திரையோட தொடர்பே இல்லாத தனி செஷன்ல ஓடும். அங்க ஜன்னல் திறந்தாலும் நம்ம ஃபோகஸைத் தொட முடியாது. மாத்தினதும் பாஸ்வேர்ட் கேட்டுச்சு. தினமும் போடுற நாலு இலக்க பின் நம்பரைப் போட்டா ஏத்துக்கலை, அக்கவுண்ட்டோட நிஜ பாஸ்வேர்ட் வேணும். அதைத் தேடி அரை மணி நேரம் :-)

ரெண்டு விஷயம் சொல்லிடறேன். இப்படி மாத்தினா, உங்களைக் கேள்வி கேக்கிற நிரல் எதுவும் வேலைக்காகாது. கேள்வி யாரும் பார்க்காத இடத்துல வரும், பதில் சொல்ல ஆளில்லாம அப்படியே நிக்கும். நெட்வொர்க் டிரைவுக்கு Z: மாதிரி எழுத்து கொடுத்திருந்தா அதுவும் அங்க தெரியாது, முழுப் பாதையை எழுதணும். என்னோடது உள்ளேயே இருக்கிற டிஸ்க், தப்பிச்சேன்.

அடுத்த 8:42க்கு விளையாட்டுக்குள்ள நின்னேன். ஒண்ணும் ஆகலை. வெளியே வந்து Last Run Result பார்த்தா 0x1. பக்குன்னு ஆயிருச்சு. ஜன்னலை அடக்கப்போய் பிரதி எடுக்கிறதையே கெடுத்துட்டேனோ? அப்பாவோட படமெல்லாம்... பிறகு ஞாபகம் வந்துச்சு. robocopyக்கு 0ன்னா புதுசா ஒண்ணும் இல்லை, 1ன்னா புதுசா வந்ததை ஒழுங்காப் பிரதி எடுத்தாச்சு. 8ஓ அதுக்கு மேலயோ வந்தாத்தான் கோளாறு. அன்னிக்கு அம்மா மாடித் தோட்டத்துப் பூவைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாங்க. அதுதான் அந்த 1.

வேலையோட ஜன்னலைத் தொட முடியாத நிலைமைன்னா, விளையாட்டோட லாஞ்ச் ஆப்ஷன்ல -windowed -noborder னு போட்டு ஓரமில்லாத ஜன்னலா ஆடலாம். கீழே இறங்காது. ஆனா அந்த அரை செகண்ட் நீங்க தட்டுற விசை கறுப்பு ஜன்னலுக்குத்தான் போகும். ஸ்மோக்கர் இழுக்கிறப்போ அரை செகண்டும் பெரிசுதான்.

அடுத்த சனிக்கிழமை தம்பிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன், 42ஆவது நிமிஷம், கறுப்பு ஜன்னல், எல்லாம். சிரிப்பான்னு எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அப்பாவோட வாய்ஸ் மெசேஜும் அதுல இருக்கா?"

"இருக்குடா. ஒண்ணுகூட விடலை."

"எனக்கும் ஒரு காப்பி குடுண்ணா."

அன்னிக்கு நாங்க விளையாட்டைத் தொடங்கவே இல்லை. ஒவ்வொண்ணாப் போட்டுக் கேட்டுக்கிட்டிருந்தோம். 9:42 வந்துச்சு, போச்சு. 10:42ம் வந்துச்சு, போச்சு. ரெண்டு பேருமே கவனிக்கலை.

உங்க பொட்டியிலயும் ஏதாவது மின்னி மறையுதுன்னா, மொதல்ல நேரத்தைக் குறிச்சு வைங்க. யாரையும் திட்டுறதுக்கு முன்னாடி, அதை எழுதி வச்சது நீங்களேதானான்னு ஒரு தடவை பார்த்துடுங்க :-)