முக்கோணத்தின் மூன்று பக்கங்கள்

கணக்கில் பொய் எழுதுகின்றவன் பிறவியிலேயே வஞ்சகன் என்று கருதுவது உலக வழக்கு. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் டொனால்ட் கிரெஸ்ஸி அவ்வாறு கருதவில்லை. நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடிச் சிறை புகுந்தோர் பலரை நேரில் கண்டு உரையாடிய அவர், தம் முடிவுகளை 1953ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். பிறரிடம் சொல்லவொண்ணா நெருக்கடி, மறைவாகச் செய்து முடிக்கும் வாய்ப்பு, 'இது திருட்டன்று' என்று தமக்குத் தாமே கூறிக்கொள்ளும் சமாதானம் ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும்போதுதான் நேர்மையாளரும் வழுவுகின்றனர் என்பது அவர் கண்ட உண்மை. பின்வந்தோர் இதனை 'மோசடி முக்கோணம்' என வரைந்து கணக்காய்வு வகுப்புகளில் கற்பிக்கலாயினர்.

இம்முக்கோணத்தைத் தெளிவுறக் காட்டுவது அமெரிக்காவின் வோர்ல்ட்காம் என்னும் தொலைபேசி நிறுவனத்தின் வீழ்ச்சியாகும். அந்நிறுவனம் தன் வாடிக்கையாளரின் அழைப்புகளைக் கொண்டுசெல்லப் பிற நிறுவனங்களின் கம்பித் தடங்களையும் பயன்படுத்தி, அதற்குக் கட்டணம் செலுத்தி வந்தது. அதன் செலவுகளில் இதுவே மிகப் பெரியது. வருவாயில் இக்கட்டணம் ஏறத்தாழ 42 விழுக்காட்டில் நிற்பதாகப் பங்குச் சந்தைக்குக் காட்ட மேலிடம் விரும்பியது. ஆனால் 2000ஆம் ஆண்டில் தொழில் தளர்ந்தது. கட்டணச் சுமையோ குறையவில்லை. தலைவர் பெர்னார்ட் எபர்ஸ் தம் பங்குகளை ஈடுகாட்டிப் பெருங்கடன் வாங்கியிருந்தார். பங்கின் விலை சரியச் சரியக் கடன் கொடுத்த வங்கிகள் அவரை நெருக்கின. முதற் பக்கமாகிய நெருக்கடி இவ்வாறு அமைந்தது.

இனி வாய்ப்பு. வந்து சேராத கட்டணச் சீட்டுகளுக்கென நிறுவனம் ஒரு தொகையை ஒதுக்கி வைத்திருந்தது. 2000ஆம் ஆண்டின் மூன்றாம் காலாண்டில் அவ்வொதுக்கீட்டிலிருந்து 828 மில்லியன் டாலரை விடுவித்து, செலவு குறைந்ததாகக் காட்டினர். ஒதுக்கீடு ஒருநாள் வற்றுமன்றோ? 2001ஆம் ஆண்டின் முதற் காலாண்டில் வேறு வழி தேடினர். 771 மில்லியன் டாலர் கட்டணத்தைச் செலவுக் கணக்கிலிருந்து எடுத்துச் சொத்துக் கணக்கில் வைத்தனர்.

இதன் சூழ்ச்சியை ஓர் எளிய எடுத்துக்காட்டால் உணரலாம். ஒருவர் கடை வாடகையாக ஆண்டுக்கு 100 வெள்ளி கொடுக்கிறார். அது செலவு, அவ்வாண்டின் இலாபத்தில் முழுமையாகக் கழியும். அதையே இருபது ஆண்டு உழைக்கும் இயந்திரம் வாங்கியதாக எழுதினால், தேய்மானமாக ஆண்டுக்கு 5 வெள்ளி மட்டுமே கழியும். எஞ்சிய 95 வெள்ளி இலாபமாகத் தோன்றும். கையிலிருந்து சென்ற பணம் இரண்டிலும் ஒன்றுதான். மாறியது எழுதிய இடம் மட்டுமே.

இப்பதிவுகள் தலைமையகத்திலேயே, காலாண்டு முடிந்த பின்னர், ஆதாரச் சீட்டு ஏதுமின்றி இடப்பட்டன. வெளிக் கணக்காய்வாளராகிய ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனம் அவற்றைக் கண்டறியவில்லை. உள் கணக்காய்வுப் பிரிவோ பெரும்பாலும் செயல்முறைகளை ஆய்வதோடு நின்றிருந்தது.

மூன்றாம் பக்கம் சமாதானம். பதிவுகளை இடுமாறு பணிக்கப்பட்ட கணக்குத் துறையினர் சிலர் மனம் கலங்கிப் பதவி விலக எண்ணினர். நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன் நிறுவனத்தை விமானம் தாங்கிக் கப்பலுக்கு ஒப்பிட்டு, வானிலுள்ள விமானங்கள் இறங்கும் வரையேனும் பொறுத்திருக்குமாறு அவர்களைத் தேற்றினார். 'இம்முறை மட்டும்' என்ற எண்ணத்தில் அவர்கள் எழுதினர். அடுத்த காலாண்டிலும் எழுதினர்.

2002ஆம் ஆண்டில் உள் கணக்காய்வுத் தலைவி சிந்தியா கூப்பர் சொத்துச் செலவுகளை ஆராயப் புகுந்தார். 'முன்செலுத்திய கொள்திறன்' என்றொரு பெயர் அவர் காதில் விழுந்தது. அதன் பொருளை எவராலும் விளக்க இயலவில்லை. ஆய்வைத் தள்ளிப்போடுமாறு சல்லிவன் கேட்டும் அவர் இணங்கவில்லை. அவருடைய குழுவினர் கணினிப் பதிவுகளைத் துருவி, ஆதாரமற்ற மாற்றங்களை ஒவ்வொன்றாய் வெளிக்கொணர்ந்தனர். ஜூன் 25ஆம் நாள் 3.8 பில்லியன் டாலர் பிழையென நிறுவனமே அறிவித்தது; அடுத்த மாதமே நொடித்தது. மேலும் ஆராய்ந்தபோது பொய்த் தொகை பன்மடங்கு பெருகியது. 2005ஆம் ஆண்டில் எபர்ஸுக்கு 25 ஆண்டுச் சிறையும் சல்லிவனுக்கு 5 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன.

முக்கோணத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. நெருக்கடியும் சமாதானமும் பெரும்பாலும் உள்ளத்துள் உறைவன. கணக்காய்வாளர் உள்ளத்தைத் திறந்து பார்த்தல் இயலாது. அவர் கையில் அகப்படும் தடயத்தை விட்டுச் செல்வது வாய்ப்பு என்னும் பக்கமே. ஆதலால்தான், மேலாளரே கட்டுப்பாடுகளை மீறக்கூடும் என்ற ஐயத்தை எந்நிறுவனத்திலும் கைவிடலாகாது என்றும், கணக்கேட்டுப் பதிவுகளைச் சோதித்தே ஆகவேண்டும் என்றும் பன்னாட்டுக் கணக்காய்வுத் தரம் 240 விதிக்கிறது. காலாண்டு இறுதியில், மேலிடத்தில், சீட்டின்றி இடப்பட்ட பெருந்தொகைப் பதிவைக் கண்டால், அதை இட்டவர் எத்துணை நல்லவராயினும், 'இதற்கு ஆதாரம் எங்கே?' என்று கேட்பதே கணக்காய்வாளரின் கடமை.